ஐந்தில் மூன்று வாக்கியம்: இரண்டாம் வகுப்பு அறிக்கை அட்டையின் ஒரு குறிப்பு

இரண்டாம் பருவம் முடிந்து அறிக்கை அட்டை எழுதும் வாரம். ‘ஆசிரியர் குறிப்பு’ என்று அச்சிட்ட கட்டத்தில் இரண்டு வரிக்கு இடம் இருக்கிறது. நெருக்கி எழுதினால் நான்கு வரி கொள்ளும். எழுத வேண்டியது ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியைப் பற்றி. தமிழ்வழி இரண்டாம் வகுப்பு. ஜூன் மாதத்தில் பெயரைக் கேட்டால்கூடத் தரையைப் பார்த்தவள், டிசம்பரில் கை தூக்கிப் பதில் சொல்கிறாள். எழுதுவதுதான் இன்னும் மெதுவாக நடக்கிறது. கரும்பலகையில் ஐந்து வாக்கியம் எழுதிப் போட்டால் வகுப்பில் பெரும்பாலோர் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் முடித்து நோட்டை நீட்டுகிறார்கள். இவள் மூன்றாவது வாக்கியத்தை முடிக்கும்போதே பாடவேளை முடிந்துவிடுகிறது.

தொடக்க வகுப்பு ஆசிரியர் யாருக்கும் இந்தப் பிள்ளை புதிதல்ல. பல வகுப்புகளில் காணக்கூடியதை ஒரே பிள்ளையின் நிலையாகக் கோத்து இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம். கீழே வரும் எண்களும் அப்படிக் கோத்தவைதான். அவற்றை மற்றப் பிள்ளைகளுக்கான அளவுகோலாக வைத்துக்கொள்ளக் கூடாது.

முதலில் கைக்கு வரும் குறிப்பு

நாற்பது அட்டைகளை ஒரு மாலையில் எழுதி முடிக்க வேண்டியவர் கையிலிருந்து இயல்பாக வந்து விழுவது இது:

“அமைதியான மாணவி. தன்னம்பிக்கை கூடியுள்ளது. ஆனால் மிகவும் மெதுவாக எழுதுகிறாள். வீட்டில் எழுத்துப் பயிற்சி அளிக்கவும்.”

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் இது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் என்ன நடக்கும் என்று வரி வரியாகப் பார்க்கலாம்.

‘அமைதியான மாணவி’ என்பதைப் படித்த அம்மா சிரிப்பார். வீட்டில் அந்தப் பிள்ளைக்கு வாய் ஓயாது. பள்ளியில் கூச்சப்படும் பிள்ளைகளில் பலர் வீட்டில் சரளமாகப் பேசுபவர்கள். அதனால் ‘தன்னம்பிக்கை கூடியுள்ளது’ என்ற அடுத்த வரியும் பெற்றோருக்கு ஒன்றும் சொல்லாது. அவர்கள் பார்க்காத இடத்தில், அவர்கள் அறியாத ஆட்கள் முன்னால் நடந்த மாற்றம் அது. எங்கே, யார் முன்னால், என்ன செய்தாள் என்று சொன்னால்தான் அது செய்தியாகும்.

மூன்றாவது வரி ‘ஆனால்’ என்று தொடங்குகிறது. அந்தச் சொல்லுக்கு முன்னால் எழுதியதை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. அட்டை அம்மாவோடு நிற்கவும் நிற்காது. தாத்தா பார்ப்பார், ஊரிலிருந்து வந்த அத்தை வாங்கிப் பார்ப்பார். ‘மிகவும் மெதுவாக எழுதுகிறாள்’ என்பது அவர்கள் காதில் ‘படிப்பில் மந்தம்’ என்று விழும். இன்னொன்றையும் மறக்கக் கூடாது: இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தமிழ் படிக்கத் தெரியும். அத்தை “என்னம்மா போட்டிருக்கு, படி பார்ப்போம்” என்றால் அந்த வரியை எல்லோர் முன்னாலும் வாய்விட்டுப் படிக்கப்போவது அவள்தான். அரைவருடமாகத் திறந்துவந்த வாய் அந்த இடத்தில் மறுபடி மூடிக்கொள்ளக்கூடும்.

நான்காவது வரிதான் அதிகக் கெடுதல் செய்யும். ‘எழுத்துப் பயிற்சி அளிக்கவும்’ என்று எழுதினால் வீட்டில் அதற்கு ஒரே பொருள்தான்: தினம் இரண்டு பக்கம் பார்த்து எழுதுவது. டியூஷன் அக்கா இருந்தால் அவர் பங்குக்கு இன்னொரு பக்கம் இம்போசிஷன். கடையில் கையெழுத்துப் பயிற்சி ஏடு ஒன்றும் வாங்கி வருவார்கள். இந்தச் சிறுமிக்கு அந்த ஏடு ஏன் ஆகாது என்பது அவள் நோட்டைப் புரட்டினாலே தெரிந்துவிடும்.

நோட்டு சொல்வது

அவளுடைய இரட்டைவரி நோட்டில் எழுத்துகள் வடிவாக இருக்கின்றன. கோட்டைத் தாண்டவில்லை. சொல்லுக்குச் சொல் இடைவெளி சீராக இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் சாம்பல் நிறத் தீற்றல்கள் கிடக்கின்றன. இரண்டு மூன்று இடங்களில் அழித்து அழித்துத் தாள் தேய்ந்து ஓட்டை விழும் நிலையில் இருக்கிறது. கடைசி இரண்டு வாக்கியங்கள் எழுதப்படவே இல்லை.

எழுத்து நன்றாகவும் அளவு குறைவாகவும் இருப்பது ஒரு நல்ல தடயம். கை பழகாததால் மெதுவாக எழுதும் பிள்ளையின் நோட்டு வேறு மாதிரி இருக்கும். ஒரே எழுத்து ஒரு வரியில் பெரிதாகவும் அடுத்த வரியில் சிறிதாகவும் வரும். பென்சில் அழுத்தம் பின்பக்கத்தில் தடவினால் விரலுக்குத் தெரியும். பக்கம் கீழே போகப்போக எழுத்து குலையும். பிள்ளை கையை உதறிக்கொள்வாள், வலிக்கிறது என்பாள். எழுத்து தெரியாமல் நிற்கும் பிள்ளையின் நோட்டிலோ குறிப்பிட்ட எழுத்துகளில் மட்டும் சிக்கல் தெரியும்: ல, ள, ழ வரும் இடம், ர, ற வரும் இடம், ந, ன, ண வரும் இடம். பலகை சரியாகத் தெரியாத பிள்ளை சொல்லையோ வரியையோ விட்டுவிட்டு எழுதியிருப்பாள். நான்கு பேருக்குமே ‘மெதுவாக எழுதுகிறாள்’ என்றுதான் எழுதுவோம், ஆனால் நான்கு பேருக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு. ஆகவே நேரம் எங்கே போகிறது என்று தெரியாமல் அந்தக் குறிப்பை எழுதத் தொடங்குவதில் பயனில்லை.

நேரம் எங்கே போகிறது

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஒவ்வொன்றும் மூன்று நிமிடம் ஆகும் ஐந்து எழுத்து வேலைகள் போதும். ஒரே நாளில் ஐந்தையும் வைத்தால் களைப்பும் கணக்கில் சேர்ந்துவிடும், அதனால் மூன்று நாளுக்குப் பிரித்துக்கொள்வது நல்லது. ‘டைம் பார்க்கிறேன்’ என்று சொல்லவே கூடாது. கூச்சமுள்ள பிள்ளையிடம் அப்படிச் சொன்னால் நாம் அளப்பது பதற்றத்தைத்தான். மற்றவர்களும் எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் பக்கத்தில் உட்கார்ந்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, முடிவில் அவள் எந்த எழுத்தில் இருக்கிறாள் என்று மட்டும் குறித்துக்கொள்ளலாம். எண்ணும்போது ‘கோ’ ஓர் எழுத்து, ‘க்’ ஓர் எழுத்து. எத்தனை முறை அழிப்பான் எடுத்தாள் என்பதையும் ஓரத்தில் கோடு போட்டுக் குறிக்க வேண்டும்.

முதல் வேலை, மனப்பாடமாகத் தெரிந்ததை எழுதுவது: தன் பெயர், அப்பா பெயர், தோழிகள் பெயர், தெரிந்த பாட்டு வரி. இது கையின் வேகத்தை மட்டும் காட்டும். 48 எழுத்து எழுதினாள். இரண்டாவது, மேசைமேல் இருக்கும் புத்தகத்தைப் பார்த்து எழுதுவது. 42 எழுத்து. மூன்றாவது, பலகையைப் பார்த்து எழுதுவது. 36 எழுத்து, அழித்தது மூன்று முறை. நான்காவது, படித்துப் பழகிய சொற்களை ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதுவது. 27 எழுத்து, அழித்தது ஆறு முறை. ஐந்தாவது, படத்தைப் பார்த்துச் சொந்தமாக எழுதுவது. எழுதும் முன் வாயால் சொல்லச் சொன்னபோது ஆறு வாக்கியம் கடகடவென்று சொன்னாள். பென்சிலைக் கையில் கொடுத்ததும் மூன்று நிமிடத்தில் 14 எழுத்து.

எண்களை மேலிருந்து கீழே படித்தாலே பாதி விடை கிடைத்துவிடுகிறது. முதல் எண் குறைவாக இருந்திருந்தால் கையைப் பார்க்க வேண்டும்: பென்சிலைப் பிடிக்கும் விதம், கால் தரையில் ஊன்றுகிறதா, பெஞ்சு உயரம் அதிகமா, நோட்டை மடியில் வைத்து எழுதுகிறாளா. இவள் கை நன்றாகத்தான் ஓடுகிறது. இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே பெரிய பள்ளம் இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கண்ணை. அப்படிப்பட்ட பிள்ளைக்கு அட்டையில் குறிப்பு எழுதுவதற்கு முன் கண் பரிசோதனை நடக்க வேண்டும். இவளுக்குச் சிறு பள்ளம்தான். முன் பெஞ்சில் உட்கார வைத்தும் அதே எண்ணிக்கைதான் வந்தது, கண்ணைச் சுருக்கவும் இல்லை. பெரிய சரிவு நான்காவதிலும் ஐந்தாவதிலும் இருக்கிறது. அதாவது, பார்த்து எழுதுவதற்கு ஒரு மாதிரி கண்முன்னே இல்லாத இடத்தில்.

சொல்வதைக் கேட்டு எழுதும்போது அழித்த ஆறு இடங்களையும் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. நான்கு இடங்கள் கொம்பு எழுத்துகள்: மேகம், தோட்டம், பொம்மை, பையன். தமிழில் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு மூன்றும் எழுத்துக்கு இடப்பக்கம் வரும். காதில் முதலில் விழுவது மெய்யின் ஒலி, பிறகுதான் உயிர். கையோ கொம்பை முதலில் போட வேண்டும். ‘மேகம்’ என்று கேட்டதும் பிள்ளை ‘ம’ எழுதிவிடுகிறாள், எழுதியபின் கொம்பு நினைவுக்கு வருகிறது, இடப்பக்கம் இடமில்லை, அழிக்கிறாள். ‘தோ’ போன்றவற்றில் கொம்பும் வேண்டும், பின்னால் துணைக்காலும் வேண்டும். இது இரண்டாம் வகுப்பில் மிகச் சாதாரணமான தடுமாற்றம். பார்த்து எழுதும்போது இது தெரியவே தெரியாது, ஏனென்றால் அங்கே கண் பார்த்த வரிசையில் கை எழுதிவிடும். பார்த்து எழுதும் பயிற்சியை எத்தனை பக்கம் கொடுத்தாலும் இந்தத் தடுமாற்றம் அப்படியே இருப்பது அதனால்தான்.

மீதி இரண்டு இடங்கள் சுவாரசியமானவை. அங்கே பிழையே இல்லை. சரியாக எழுதிய ‘டு’வையும் ‘று’வையும் அழித்துவிட்டு அதையே மறுபடி, இன்னும் அழகாக எழுதியிருக்கிறாள்.

ஒரு முறை அழிப்பதற்குப் பிடிக்கும் நேரத்தையும் பார்க்க வேண்டும். பென்சிலை வைத்து, அழிப்பானைத் தேடி எடுத்து, தேய்த்து, தூசியை ஊதி, பென்சிலை எடுத்து, விட்ட இடத்தைக் கண்டுபிடித்து எழுத எட்டிலிருந்து பத்து விநாடி ஆகிறது. ஆறு முறை என்றால் மூன்று நிமிடத்தில் ஏறக்குறைய ஒரு நிமிடம். இது சரிதானா என்று பார்க்க, நான்கு நாள் கழித்து அதே அளவு சொற்களை ‘கசக்கிப் போடப்போகும் தாள்’ ஒன்றில் எழுத வைக்கலாம். அழிப்பான் கிடையாது. தவறென்று தோன்றினால் குறுக்கே ஒரே ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்ததை எழுத வேண்டும். இவள் 39 எழுத்து எழுதினாள். குறுக்குக் கோடு விழுந்தது மூன்று இடத்தில், மூன்றும் கொம்பு எழுத்துகள். அழகுக்காக அழித்த வகை காணாமலே போய்விட்டது. யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்த தாளில் அவள் அழகைப் பற்றிக் கவலைப்படவில்லை.

குறிப்பு எழுதுபவருக்கு வேண்டிய செய்தி இதுதான். முதல் வரைவில் தன்னம்பிக்கை ஒரு வரியிலும் மெதுவான எழுத்து இன்னொரு வரியிலும் தனித்தனியாக நின்று, நடுவே ‘ஆனால்’ இரண்டையும் எதிரெதிராக நிறுத்தியது. உண்மையில் இவள் விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான். தவறாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம் வாயைவிட்டுப் பெரும்பாலும் போய்விட்டது. தவறாக எழுதிவிடுவோமோ என்ற பயம் கையில் இன்னும் இருக்கிறது. சொன்ன சொல் காற்றில் போய்விடும், நோட்டில் எழுதியது டீச்சர் கையெழுத்துக்காகக் காத்திருக்கும். அதனால் எழுத்தில் அந்தப் பயம் கடைசியாகத்தான் போகும்.

ஐந்தாவது வேலையின் 14 எழுத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. வாக்கியத்தை யோசிப்பது, சொல்லைப் பிரிப்பது, எழுத்தை நினைவுபடுத்துவது ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் செய்கிறாள். நடுவில் அழிக்கப் போனால் வாக்கியமே மறந்துவிடுகிறது. வாக்கியத்தை ஒருமுறை சத்தமாகச் சொல்லி, எத்தனை சொல் என்று விரல்விட்டு எண்ணி, பிறகு எழுது என்றபோது 25 எழுத்து வந்தது. இதைப் பிள்ளையின் குறையாக எண்ண வேண்டியதில்லை. இந்த வயதில் பெரும்பாலோருக்குச் சொந்த எழுத்து மற்றவற்றைவிட மெதுவாகத்தான் வரும்.

மாற்றத்தைப் பதிவு செய்வது

எழுத்துப் பக்கத்துக்கு இவ்வளவு பார்த்தபின் பேச்சுப் பக்கத்தை ‘தன்னம்பிக்கை கூடியுள்ளது’ என்று முடித்துவிட்டால் நியாயமாகாது. அதற்கும் சான்று வேண்டும், நல்லவேளையாக அது எளிது. கேட்டால் தலையாட்டுவது, பக்கத்துப் பிள்ளையின் காதில் சொல்வது, டீச்சரிடம் மட்டும் மெல்லச் சொல்வது, நாலு பேர் குழுவில் பேசுவது, வகுப்பு முழுவதும் கேட்கச் சொல்வது, கேட்காமலே கை தூக்குவது என்று இந்த மாற்றம் ஏறக்குறைய படிப்படியாகத்தான் நடக்கும். மாதம் ஒருமுறை எந்தப் படியில் இருக்கிறாள் என்று வருகைப்பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு சொல் குறித்துவைத்தால் போதும். இவள் ஜூனில் தலையாட்டினாள். ஆகஸ்டில் குழுவில் பேசினாள். நவம்பரில் கணக்குப் பாடத்தில் தானே கை தூக்கினாள். டிசம்பரில் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் திருக்குறளும் அதன் பொருளும் சொன்னாள்.

இதில் எதைக் குறிப்பில் எழுதுவது? வழிபாட்டுக் கூட்டம்தான் கண்ணைப் பறிக்கும். ஆனால் மனப்பாடம் செய்ததைச் சொல்வதைவிட, விடை தவறாக இருக்கக்கூடும் என்று தெரிந்தும் தானே கை தூக்குவதுதான் பெரிய படி. இடம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் கை தூக்கியதையே எழுத வேண்டும். பெற்றோரிடம் நேரில் பேசும்போது குறளைச் சொல்லிக்கொள்ளலாம்.

‘கூச்ச சுபாவம்’ என்ற சொல்லை அட்டையில் எழுதவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. ‘சுபாவம்’ என்றால் மாறாதது என்று பொருள்படும், மாறியதைச் சொல்லும் குறிப்பில் அது பொருந்தாது. உறவினர்களும் அதைப் பட்டப்பெயராக்கிவிடுவார்கள்.

மறுபடி எழுதிய குறிப்பு

இரண்டாம் வரைவு இப்படி வரலாம்:

“முதல் பருவத்தில் தலையசைத்துப் பதில் சொன்னவள், இப்போது தானே கை தூக்கிப் பேசுகிறாள். எழுத்து வடிவாக இருக்கிறது. தவறு வந்துவிடும் என்ற பயத்தில் அடிக்கடி அழிப்பதால் ஐந்து வாக்கியங்களில் மூன்றைத்தான் முடிக்கிறாள். வீட்டில் பயமில்லாமல் எழுத ஊக்கப்படுத்தவும்.”

முதல் வரைவைவிட எவ்வளவோ மேல். இருந்தாலும் இரண்டு இடம் இடிக்கிறது. ‘பயத்தில்’ என்பது நாம் ஊகித்தது, கண்ணால் கண்டது அழிப்பதை மட்டும்தான். ஊகத்தை நேரில் சொல்லலாம், அட்டையில் நிரந்தரமாக எழுதிவைக்கக் கூடாது. அடுத்து, ‘ஊக்கப்படுத்தவும்’ என்பதை வைத்து ஓர் அம்மா மாலை ஏழு மணிக்கு என்ன செய்வார்? எத்தனை நிமிடம், எதை, எப்படி என்று சொன்னால்தான் அது நடக்கும்.

மூன்றாம் வரைவு:

“ஜூனில் தலையசைத்துப் பதில் சொன்னவள், இப்போது தானே கை தூக்கி வகுப்புக்கே கேட்கும்படி பேசுகிறாள். எழுத்து வடிவாக, கோட்டுக்குள் இருக்கிறது. சரியாக எழுதியதையும் அழித்து எழுதுவதால் ஐந்து வாக்கியங்களில் மூன்றை முடிக்கிறாள். மூன்றாம் பருவத்தில் ஐந்தையும் முடிக்க வகுப்பில் பயிற்சி தருகிறோம். வீட்டில் தினம் 5 நிமிடம், அழிப்பான் இல்லாமல், அவளே சொல்லும் இரண்டு வாக்கியங்களை எழுதட்டும். பார்த்து எழுதும் பக்கங்கள் வேண்டாம்.”

இதில் ‘ஆனால்’ இல்லை. மெதுவு என்ற சொல்லும் இல்லை, ஆனால் குறை மறைக்கப்படவில்லை. ஐந்தில் மூன்று என்பது ‘மிகவும் மெதுவாக’ என்பதைவிடத் துல்லியமானது. அடுத்த பருவத்தில் ஒப்பிட்டுப் பார்க்கவும் உதவும். பள்ளி என்ன செய்யப்போகிறது என்பதும் இருப்பதால், பொறுப்பு முழுவதையும் வீட்டின் தலையில் கட்டியதாகத் தோன்றாது. அத்தை முன்னால் அவளே வாய்விட்டுப் படித்தாலும் கூச வேண்டிய சொல் எதுவும் கிடையாது.

கட்டத்தில் இவ்வளவு இடமில்லை என்றால் வெட்ட வேண்டியது எழுத்தின் வடிவம் பற்றிய வரியையும் பள்ளியின் பயிற்சி பற்றிய பகுதியையும். அவற்றைப் பெற்றோர் கூட்டத்தில் சொல்லலாம். கடைசி இரண்டு வாக்கியங்களை மட்டும் வெட்டக் கூடாது. இடம் போதவில்லை என்று அதைத்தான் பெரும்பாலும் வெட்டுகிறார்கள், பிறகு வீட்டில் இரண்டு பக்கம் எழுத வைக்கிறார்கள்.

மூன்றில் நின்றதை ஆசிரியர் மதிப்பெண்ணில் எப்படிக் காட்டுகிறார் என்பதும் குறிப்போடு ஒத்துப்போக வேண்டும். தமிழ்நாட்டில் 2022 முதல் நடக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கும்போது, எழுதி முடிக்காததை வைத்துப் படிக்கும் திறனையும் கீழே இறக்கிவிடும் ஆபத்து உண்டு. இவள் வாசிப்பில் தடையில்லாதவள். வாயால் சொல்ல வைத்து மதிப்பிடக்கூடியதை அப்படியே மதிப்பிட வேண்டும்.

பெற்றோர் கூட்டத்தில்

அட்டையில் கையெழுத்துப் போட வரும் அம்மாவிடம் பேச ஐந்து நிமிடம் கிடைக்கும். பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

“அழிப்பான் இல்லாம எழுதினா நோட்டு அசிங்கமா இருக்குமே டீச்சர்?”

“இருக்கட்டும்மா. அதுக்குத் தனியா ஒரு ரஃப் நோட்டு போடுங்க. தப்புன்னா ஒரு கோடு, அவ்வளவுதான். பள்ளிக்கூட நோட்டுல அழிக்கலாம், நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்.”

“பிழை இருந்தா சொல்லித் தரலாமா?”

“எழுதும்போது வேண்டாம்மா. எழுதி முடிச்சதும் அவ எழுதினதை அவளையே படிக்கச் சொல்லுங்க. அவளா கண்டுபிடிச்சா சரி. இல்லேன்னா விட்டுடுங்க, இங்க நான் பாத்துக்கிறேன்.”

“அவ அண்ணன் இந்த வயசுல கிடுகிடுன்னு எழுதுவான் டீச்சர்.”

இந்த வரி வராத கூட்டம் இல்லை. இதற்கு விவாதம் செய்து பயனில்லை. 27 எழுத்துள்ள தாளையும் 39 எழுத்துள்ள தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “இதுவும் இவளே எழுதினதுதாம்மா, அழிப்பான் இல்லாம” என்று காட்டினால் போதும். வீட்டுக்கு டியூஷன் அக்கா வருகிறாரா என்று கேட்டு, அவரிடமும் அட்டையைக் காட்டச் சொல்ல வேண்டும்.

ஏன் 5 நிமிடம் மட்டும் என்றும் கேட்பார்கள். கொஞ்ச நேரம் என்று தெரிந்தால்தான் பிள்ளை தினமும் உட்காருவாள். அரைமணி நேரம் என்றால் மூன்றாம் நாளே அழுகையில் முடிந்துவிடும்.

வகுப்பில் ஆசிரியர் செய்ய ஒப்புக்கொண்டது இரண்டு வேலை. ஒன்று, தினம் ஆறு சொல் சொல்வது. எழுதுவதற்கு முன் ‘கொம்பு இருக்கிறதா?’ என்று கேட்க வேண்டும். இருந்தால் பிள்ளைகள் விரலைத் தூக்குவார்கள், முதலில் கொம்பை எழுதுவார்கள், பிறகுதான் மற்றது. வகுப்பு முழுவதற்கும் இது பயன்படும், இவளைத் தனியாகக் காட்டிக்கொடுக்கவும் செய்யாது. இரண்டாவது, பலகையில் ஐந்து வாக்கியம் போட்டால் மூன்றாவதன்கீழ் ஒரு கோடு போடுவது. கோடு வரை எழுதினால் வேலை முடிந்தது, மேலே எழுதினால் கூடுதல். முடிக்காமலே நோட்டை மூடும் பழக்கம் நிற்க இது தேவை. பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கோட்டை ஒரு வாக்கியம் கீழே தள்ளலாம்.

இந்தக் குறிப்பு பொருந்தாத பிள்ளைகளும் உண்டு. முதல் வேலையிலேயே, தன் பெயரை எழுதவே திணறும் பிள்ளை, எழுதும்போது கை வலிக்கிறது என்று சொல்லும் பிள்ளை, எழுத்தோடு வாசிப்பிலும் வெகுவாகப் பின்தங்கும் பிள்ளை ஆகியோருக்கு அழிப்பானை எடுத்துவைப்பதால் ஒன்றும் ஆகாது. அவர்கள் பெற்றோரை நேரில் அழைத்துப் பேசி, மருத்துவரிடமோ சிறப்புப் பயிற்றுநரிடமோ அனுப்ப வேண்டும். குறிப்பிட்ட கற்றல் குறைபாடு 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஒன்று. அதை உறுதிசெய்வது வகுப்பாசிரியர் வேலை இல்லை, அப்படி ஒரு சந்தேகத்தை அட்டையில் எழுதிவைப்பதும் தவறு.

மூன்றாம் பருவத்தில்

பிப்ரவரி முதல் வாரத்தில் நான்காவது, ஐந்தாவது வேலைகளை மட்டும் திரும்ப வைத்தால் போதும், அதே மூன்று நிமிடம், அதே அளவு கடினமான வேறு சொற்கள். அழித்த எண்ணிக்கை குறைந்து எழுத்தும் கூடியிருந்தால் ஏப்ரல் அட்டையில் “பலகையில் எழுதும் ஐந்து வாக்கியங்களையும் நேரத்துக்குள் முடிக்கிறாள், எழுதியதைத் தானே படித்துத் திருத்துகிறாள்” என்று எழுதலாம், நடந்திருந்தால் மட்டும். அழிப்பது குறைந்தும் எழுத்து கூடவில்லை என்றால் காரணம் வேறெங்கோ இருக்கிறது. பார்த்து எழுதுவதும் கேட்டு எழுதுவதும் இன்னும் வெகுதூரம் விலகி நின்றால் கொம்பு எழுத்துப் பயிற்சியை நீட்டித்து, ல, ள, ழ சொற்களையும் சேர்க்க வேண்டும். அழிப்பது குறையவே இல்லை என்றால் வீட்டு ரஃப் நோட்டை ஒருமுறை கொண்டுவரச் சொல்லிப் பார்க்கலாம். அதில் சிவப்புப் பேனாத் திருத்தங்கள் இருந்தால் காரணம் அங்கேயே கிடைத்துவிடும்.